24 மெகாபிக்சல் கேமராவில் 170 மெகாபிக்சல் படம்

செவ்வாய்க் கோளில் ஊர்ந்துகொண்டிருக்கும் கியூரியாசிட்டி ஊர்தி 2019 நவம்பர் கடைசியில் தன்னைச் சுற்றியிருந்த நிலத்தைப் படம் எடுத்தது. 2020 மார்ச்சில் நாசா அதை ஒரே பனோரமாவாக வெளியிட்டபோது அதில் ஏறக்குறைய 180 கோடி பிக்சல்கள் இருந்தன. இத்தனைக்கும் அந்த ஊர்தியின் மாஸ்ட்கேம் கேமராவில் இருப்பது வெறும் 2 மெகாபிக்சல் சென்சார்தான். இன்றைக்கு மலிவான போனில்கூட அதைவிடப் பெரிய சென்சார் வந்துவிடுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னப் படங்களை எடுத்து, பூமியில் கணினியில் ஒட்டித்தான் அந்தப் பெரிய படத்தைச் செய்தார்கள்.

அதே சமயத்தில் இன்னொரு பனோரமாவும் எடுத்தார்கள். மாஸ்ட்கேமில் இரண்டு கண்கள் உண்டு. ஒன்றில் 34 மி.மீ. லென்ஸ், மற்றதில் 100 மி.மீ. லென்ஸ். 180 கோடி பிக்சல் வந்தது 100 மி.மீ. கண்ணில். 34 மி.மீ. கண்ணில் எடுத்த பனோரமா ஊர்தியின் மேல்தளத்தையும் கையையும் சேர்த்து இன்னும் அதிக இடத்தைக் காட்டியும், அதில் கிட்டத்தட்ட 65 கோடிதான். படங்களை ஒட்டிப் பிக்சலைப் பெருக்கும் வித்தை முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பனோரமா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது போனைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுக்கும் நீள வால் படம். அங்கே நோக்கம் அகலமாக எடுப்பது. இங்கே நாம் பேசுவது வேறு. காட்சி எவ்வளவு அகலமோ அவ்வளவே இருக்கட்டும். அந்தக் காட்சியை அகன்ற லென்ஸில் ஒரே படமாக எடுக்காமல், நீண்ட லென்ஸில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் முழு சென்சாரும் கிடைக்கிறது. கணக்கு மிக எளிது: லென்ஸின் குவிய நீளம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதன் வர்க்கம்தான் பிக்சல் பெருகும் மடங்கு. இரண்டு மடங்கு நீண்ட லென்ஸ் என்றால் நான்கு மடங்கு பிக்சல், மூன்று மடங்கு என்றால் ஒன்பது. மென்பொருள் கற்பனை செய்து இட்டு நிரப்பும் பிக்சல்கள் அல்ல இவை. ஒவ்வொன்றும் உண்மையில் ஒளி விழுந்து பதிவானது.

ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு முழுதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையார் கோயிலருகே நின்று வடக்கே பார்த்தால், காலடியில் நகரத்தின் மாடிகள், அப்புறம் காவிரி, பாலம், அதற்கு அப்பால் தென்னைகளுக்கு நடுவே ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரம். கோபுரத்தின் உயரம் சுமார் 72 மீட்டர், 13 நிலை. மலைக்கோட்டையிலிருந்து அது 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. 3.3 என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா, அதாவது 6000க்கு 4000 பிக்சல். லென்ஸ் பலரிடமும் இருக்கும் 24-105 ஜூம்.

35 மி.மீ.யில் வைத்தால் கிடைமட்டமாக 54 டிகிரி கிடைக்கும். நகரம், ஆறு, பாலம், கோபுரம் எல்லாம் அழகாக உள்ளே வந்துவிடும். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த 72 மீட்டர் கோபுரம் மொத்தமே 127 பிக்சல் உயரம்தான். அந்தத் தூரத்தில் ஒரு பிக்சல் 57 செ.மீ. அகலத்தை மூடுகிறது. நிலைக்கு நிலை பத்துப் பிக்சல் கிடைத்தால் பெரிது. சிற்பம், மாடக்குழி எதுவும் தெரியாது, கோபுர வடிவில் ஒரு வண்ணத் திட்டுதான் தெரியும்.

அங்கேயே நின்று ஜூமை 105க்குத் திருப்பினால் ஒரு பிக்சல் மூடுவது 19 செ.மீ. கோபுரம் 380 பிக்சலுக்கு வளர்கிறது, நிலைகளைத் தனித்தனியாக எண்ணிவிடலாம். ஆனால் இப்போது ஒரு படத்தில் கிடைப்பது வெறும் 19 டிகிரி அகலம். மீதியை ஒட்டித்தான் நிரப்ப வேண்டும்.

கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிப்பது நல்லது. ஒரே வரிசையில் அதிக உயரம் கிடைக்கும். செங்குத்தாகப் பிடித்தால் 105 மி.மீ.யில் ஒரு படத்தின் அகலம் 13 டிகிரி, உயரம் 19.5 டிகிரி. அடுத்தடுத்த படங்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படிய வேண்டும், இல்லாவிட்டால் எதை எதனோடு சேர்ப்பது என்று மென்பொருளுக்குத் தெரியாது. இந்த ஓவர்லாப் 30 விழுக்காடு இருந்தால் நிம்மதி. 15, 20 விழுக்காட்டிலும் வேலை நடக்கும். ஆனால் கையில் பிடித்து எடுக்கும்போது ஒரு படம் சற்றுத் தள்ளிப்போனால் நடுவில் ஓட்டை விழுந்துவிடும், அதை வீட்டுக்கு வந்தபின் நிரப்ப வழியில்லை. 30 விழுக்காடு வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் கேமராவை 9 டிகிரி திருப்ப வேண்டும். கோணமானி தேவையில்லை. இந்தப் படத்தின் வலப்பக்க மூன்றிலொரு பங்கில் என்ன இருக்கிறதோ, அது அடுத்த படத்தின் இடது ஓரத்துக்கு வரும்படி திருப்பினால் சரி. 54 டிகிரியை மூட ஆறு படம் போதும், இரண்டு ஓரத்திலும் வெட்டிச் சீராக்கக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

உயரத்துக்கு எத்தனை வரிசை? 35 மி.மீ. படத்தின் உயரம் 38 டிகிரி. அதை மூடக் கணக்குப்படி மூன்று வரிசை, மொத்தம் 18 படம். ஆனால் இந்தக் காட்சியில் மேல் வரிசை முழுக்க வெறும் வானம். வெறும் நீல வானத்தில் மென்பொருள் பிடித்துக்கொள்ள ஒரு அடையாளமும் கிடையாது, அந்த ஆறு படங்களும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் தொங்கும். மேகம் இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அது நகர்ந்துகொண்டே இருக்கும். வானத்துக்கு எதற்கு அத்தனை பிக்சல்? மேல் வரிசையை விட்டுவிடலாம் என்பேன். இரண்டு வரிசை, 12 படம். தொடுவானத்துக்கு மேலே 8 டிகிரி வானம், கீழே 25 டிகிரி ஊர். மேல் வரிசையின் ஒவ்வொரு படத்திலும் தொடுவானமோ மரங்களோ கட்டாயம் இருக்கும், ஒட்டுவதற்குப் பிடி கிடைத்துவிடும்.

ஓரங்களை வெட்டிய பிறகு கையில் நிற்பது ஏறக்குறைய 18,000க்கு 9,500, அதாவது 170 மெகாபிக்சல். எடுத்ததோ 12 படம், ஒவ்வொன்றும் 24, ஆக 288 மெகாபிக்சல். ஓவர்லாப்பிலும் ஓர வெட்டிலும் நாற்பது விழுக்காடு போய்விட்டது. இது தவிர்க்க முடியாத செலவு. இந்தப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட்டால் 60 அங்குல அகலம் வரும். ஒற்றைப் படத்தில் அதே தரத்தில் 20 அங்குலம்தான் முடியும்.

எடுக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, கேமரா எந்த இடத்தைச் சுற்றித் திரும்புகிறது என்பது. ஒரு விரலை முகத்துக்கு முன் நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் பின்னணிக்கு எதிராகத் தாவும். கேமரா திரும்பும்போது லென்ஸ் கொஞ்சம் இடம் மாறினால் இதுவேதான் நடக்கிறது. அருகில் உள்ள பொருள் ஒரு படத்தில் பாலத்துக்கு முன்னால் இருக்கும், அடுத்த படத்தில் மரத்துக்கு முன்னால் இருக்கும். இரண்டையும் எப்படி ஒட்டினாலும் ஏதோ ஒன்று உடையும். இதை பாரலாக்ஸ் என்பார்கள். இது வராமல் இருக்க லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை இருப்பதாகத் தெரியும் இடத்தைச் சுற்றிக் கேமரா திரும்ப வேண்டும். முன்னாலிருந்து லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு கருவட்டம் தெரியுமே, அந்த இடம். புகைப்படக்காரர்கள் நோடல் பாயின்ட் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கேமராவைப் பின்னுக்குத் தள்ளி இந்த இடத்தை டிரைபாட் அச்சுக்கு நேரே கொண்டுவரும் பனோரமா ஹெட்கள் விற்கிறார்கள்.

அது தேவையா? நம் காட்சிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண டிரைபாடில் அந்தத் துளை அச்சுக்கு 10 செ.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொண்டால், 9 டிகிரி திருப்பும்போது அது ஒன்றரை செ.மீ. இடம் மாறும். 2 மீட்டர் தூரத்தில் ஒரு கம்பி வேலி இருந்தால் அது படத்தில் சுமார் 137 பிக்சல் தாவும். எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது. ஆனால் 500 மீட்டர் தூரத்தில் உள்ள வீடு அரைப் பிக்சல்தான் நகரும். கோபுரம் ஒரு பிக்சலில் பத்திலொரு பங்குகூட நகராது. ஆகவே இங்கே பனோரமா ஹெட்டும் வேண்டாம், கோயிலில் டிரைபாட் வைக்க அனுமதி கேட்டு நிற்கவும் வேண்டாம். கைப்பிடிச்சுவரோ கம்பியோ படத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கையில் பிடித்து எடுக்கும்போது மட்டும் ஒரு சின்னப் பழக்கம் வேண்டும். நாம் இயல்பாக இடுப்பைத் திருப்புவோம். அப்போது கேமரா நம் முதுகுத்தண்டைச் சுற்றி வட்டம் போடும், அதன் ஆரம் ஓர் அடியாவது இருக்கும். தூரத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் மலையடிவாரத்து மாடிகள் 200 மீட்டருக்குள் இருக்கின்றன, அங்கே நான்கு பிக்சல் பிசகு வரும். கேமரா அதே இடத்தில் நிற்க, நம் கால்கள் அதைச் சுற்றி நகர வேண்டும். கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அப்புறம், கேமரா தானாக எதையும் மாற்றக் கூடாது. மேல் வரிசையில் வானம் அதிகம், கீழ் வரிசையில் நிழல் அதிகம். தானியங்கி அளவீட்டில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வரும், ஒட்டிய பின் வானம் பட்டை பட்டையாகத் தெரியும். காட்சியில் மிக வெளிச்சமான இடம், பெரும்பாலும் தொடுவானத்தையொட்டிய வானம், வெளுத்துப்போகாதபடி ஓர் அளவை மேனுவலில் முடிவு செய்து 12 படத்துக்கும் அதையே வைக்க வேண்டும். f/8, நொடியில் 250இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகம் என்பது கையில் பிடித்து எடுக்க நல்ல தொடக்கம். வைட் பேலன்ஸை வெயிலுக்கு என்று நிலையாக வைத்துவிடுங்கள். ஃபோகஸைக் கோபுரத்தில் ஒருமுறை பிடித்து ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். வானத்தை நீலமாக்கும் போலரைசர் ஃபில்டரையும் கழற்றி வைக்க வேண்டும், ஏனென்றால் சூரியனிலிருந்து கோணம் மாற மாற அது வானத்தை வெவ்வேறு அளவில் இருட்டாக்கும். போனில் எடுப்பவர்கள் பனோரமா மோடுக்குப் போகாமல், டெலி லென்ஸில் சாதாரணப் படங்களாக எடுக்கலாம். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

இனி வேகம். கியூரியாசிட்டி தன் படங்களை எடுத்து முடிக்க நான்கு நாளில் பரவிய ஆறரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது. வெளிச்சம் மாறாமலிருக்க அங்குள்ள நேரப்படி நண்பகல் 12 முதல் 2 மணிக்குள் மட்டுமே படம் எடுத்தார்கள். அங்கே பேருந்து கிடையாது, நமக்கு உண்டு. காவிரிப் பாலத்தில் பேருந்து ஒரு படத்தில் ஓரிடத்திலும் நான்கு நொடி கழித்து எடுத்த படத்தில் வேறோர் இடத்திலும் இருக்கும். ஒட்டும் கோடு அதன் நடுவே போனால் பாதிப் பேருந்து மிஞ்சும். பாலம் வரும் இடத்தில் ஓவர்லாப்பைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வதும், அங்கே மட்டும் ஒரே கோணத்தில் இரண்டு மூன்று படம் தட்டிவைப்பதும் உதவும். மேகம் போகும் நாளில் நிழல் காட்சியைக் கடக்கும் முன் 12 படத்தையும் முடித்துவிட வேண்டும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் லென்ஸுக்கு முன் கையைக் காட்டி ஒரு படம் எடுத்துவைத்தால், வீட்டில் எந்தத் தொகுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேட வேண்டியிருக்காது.

ஒட்டுவதற்கு ஹ்யூகின் என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். லைட்ரூம், ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு அவற்றிலேயே இந்த வசதி உண்டு. ரா கோப்புகளாக எடுத்திருந்தால் 12க்கும் ஒரே திருத்தத்தைப் போட்டு TIFF ஆக மாற்றிக்கொண்டு ஹ்யூகினுக்குக் கொடுக்கலாம்.

உள்ளே நடப்பது மூன்று கட்டம். முதலில், ஒவ்வொரு படத்திலும் தனித்துத் தெரியும் புள்ளிகளை அது தேடுகிறது: ஒரு ஜன்னலின் மூலை, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு இப்படி. அடுத்த படத்தில் அதே புள்ளி எங்கே இருக்கிறது என்று சோடி சேர்க்கிறது. இவைதான் கன்ட்ரோல் பாயின்ட்கள். இரண்டாவதாக, எல்லாச் சோடிகளும் கூடியவரை ஒன்றின்மேல் ஒன்று விழும்படி ஒவ்வொரு படத்தின் கோணத்தையும் சாய்வையும் லென்ஸின் வளைவையும் கணக்கிடுகிறது. மூன்றாவதாக, படங்களை வளைத்து அடுக்கி, சேரும் இடம் தெரியாமல் நிறங்களைக் கலக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாம் கட்டம் முடிந்ததும் அது காட்டும் பிழை அளவை. சராசரி ஒன்று, இரண்டு பிக்சலுக்குள் இருந்தால் நன்று. அதிகம் என்றால் கன்ட்ரோல் பாயின்ட் பட்டியலைத் திறந்து, பிழை கூடியவை எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். ஆற்றின் அலையிலோ மேகத்திலோ ஓடும் வண்டியிலோ இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடச் சொன்னால் இறங்கிவிடும். நிலையான கட்டடத்தின்மேல் உள்ள புள்ளிகளே பத்து இருபது பிக்சல் பிசகினால், அது பாரலாக்ஸ். மென்பொருளில் தேடிப் பயனில்லை.

பாதிப் பேருந்தை `Masks` பகுதியில் சரிசெய்யலாம். பேருந்து முழுதாக உள்ள படத்தில் அதைச் சுற்றிக் கோடு போட்டு `Include region` என்றால் அந்தப் பகுதி அந்தப் படத்திலிருந்தே எடுக்கப்படும். படத்தின் விரிப்பு முறைக்கு, 54 டிகிரிக்கு `Rectilinear` சரி, நேர்கோடுகள் நேராகவே இருக்கும். 100 டிகிரிக்கு மேல் போனால் ஓரங்கள் இழுபட்டுப்போகும், அப்போது `Cylindrical`.

கடைசியில் பலரும் கவனிக்காமல் விடும் ஓர் இடம். பாடுபட்டுச் சேர்த்த பிக்சல்களை ஹ்யூகின் தானாக அப்படியே தந்துவிடாது. உதவியாளர் முறையில் போனால் அது கொஞ்சம் சிறிய அளவையே முன்வைக்கும். `Stitcher` பக்கத்தில் `Calculate Optimal Size` பொத்தானை அழுத்தி, அகலம் 18,000க்கு அருகே வருகிறதா என்று பாருங்கள். 16 பிட் TIFF ஆகச் சேமித்தால் கோப்பு ஒரு ஜிபியைத் தொடும். பழைய கணினி திணறத்தான் செய்யும்.

வந்த படத்தை நூறு விழுக்காட்டுப் பெரிதாக்கத்தில் வைத்து, படங்கள் சேரும் இடங்களில் ஊர்ந்து பாருங்கள். மின்கம்பி அறுந்து தெரிகிறதா, மாடி விளிம்பு இரட்டையாக இருக்கிறதா, ஒரு துண்டு மட்டும் மங்கலா? ஒரு துண்டு மங்கல் என்றால் அந்தப் படம் எடுக்கும்போது கை ஆடியிருக்கும். அதை மலைமேலேயே கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

105இல் இவ்வளவு என்றால் 300 மி.மீ. லென்ஸ் போட்டால்? ஒரு பிக்சலுக்கு 6.6 செ.மீ., நூறுக்கும் மேற்பட்ட படங்கள், 100 கோடியைத் தாண்டும் பிக்சல். கணக்கு அப்படித்தான் சொல்லும், ஆனால் நடுவில் 3 கிலோமீட்டர் காற்று இருக்கிறது. மாடிகளிலிருந்தும் ஆற்று மணலிலிருந்தும் எழும் வெப்பத்தில் அது நெளிந்துகொண்டே இருக்கும். பகல் பத்து மணிக்கு மேல் கோபுரத்தின் விளிம்பு பல பிக்சல் அகலத்துக்குக் குழம்பிப்போகும், எத்தனை பிக்சல் சேர்த்தாலும் அந்தக் குழப்பத்தைத்தான் துல்லியமாகப் பதிவு செய்வீர்கள். மழை விட்ட மறுநாள் அதிகாலை நல்ல நேரம். அப்போதும் நூறு படம் எடுக்கத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். கோபுரத்தை 105இல் ஒன்றும் 300இல் ஒன்றும் எடுங்கள். 105 படத்தைக் கணினியில் மூன்று மடங்கு பெரிதாக்கி இரண்டையும் அருகருகே வையுங்கள். 300இல் புதிதாக ஏதாவது தெரிந்தால் நீண்ட லென்ஸில் எடுங்கள். தெரியாவிட்டால் அன்றைய காற்றுக்கு 105 போதும், 12 படத்தோடு இறங்கி வந்துவிடலாம்.